ஏஐ உங்கள் டாக்ஸை எங்கிருந்து கணக்குப் போடுது? ட்ரெயினிங்கில் படித்தது வேற, சாட்டில் பார்த்தது வேற!



ஏப்ரல் மாசம் வந்தா எச்.ஆர்-கிட்ட இருந்து ஒரு மெயில் வரும். பழைய ரெஜிமா, புதிய ரெஜிமா, இந்தத் தேதிக்குள்ள சொல்லுங்கன்னு. முன்னாடி எல்லாம் பக்கத்து சீட் அண்ணனிடம் கேட்போம். இப்போ நிறைய பேர் ஏஐ சாட்டைத் திறந்து, சம்பளத்தைப் போட்டு, எது லாபம்னு பார்க்கிறார்கள். அஞ்சு செகண்டில் அழகா டேபிள் போட்டு பதில் வந்துவிடும்.

தப்புன்னு சொல்ல வரவில்லை. ஆனால் அந்த டேபிளில் இருக்கும் ஸ்லாப் ரேட் எங்கிருந்து வந்தது? இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் அந்த பதிலை எச்.ஆர் போர்ட்டலில் ஏற்றினால், மாசா மாசம் சம்பளத்தில் தேவையில்லாத டிடிஎஸ் பிடித்தம் ஆகலாம். இந்தப் பதிவில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

மண்டையில் இருப்பது, மேசையில் இருப்பது

ஒரு ஏஐ மாடலுக்கு விஷயம் வருவது இரண்டே இடத்தில் இருந்துதான். ஒன்று, ட்ரெயினிங்கில் கற்றது. இரண்டாவது, இப்போ ஓடிக்கொண்டிருக்கும் சாட்டில் அதன் முன்னால் இருக்கும் எழுத்து. நம்ம ஆபீஸ் பாஷையில் முதலாவதை 'மண்டையில் இருப்பது' என்றும், இரண்டாவதை 'மேசையில் இருப்பது' என்றும் வைத்துக்கொள்வோம்.

முதலில் மண்டை. ட்ரெயினிங் என்றால் இணையப் பக்கம், புத்தகம், கட்டுரை என்று கோடிக்கணக்கான எழுத்தைக் காட்டி, அடுத்து வரும் சொல் துண்டு என்ன என்று மாடலை ஊகிக்க வைப்பது. இந்தத் துண்டுக்குப் பெயர் டோக்கன். ஊகம் தப்பானால் மாடலுக்குள் இருக்கும் எண்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துவார்கள். 2020-ல் வந்த ஜிபிடி-3 மாடலில் இப்படி 17,500 கோடி எண்கள் இருந்தன. ட்ரெயினிங் முடிந்ததும் அந்த எண்கள் உறைந்துவிடும். அதற்கு அப்புறம் பட்ஜெட் வந்தாலும், சுற்றறிக்கை வந்தாலும், அந்த எண்களுக்குத் தெரியாது.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கு. படித்த பக்கம் அப்படியே உள்ளே சேமிக்கப்படுவதில்லை. மிஞ்சுவது அதன் தடம் மட்டும்தான். பலமுறை திரும்பத் திரும்ப வந்த வரி என்றால் கிட்டத்தட்ட வார்த்தை மாறாமல் வரும். மற்றதெல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்துதான் இருக்கும். எந்தப் பக்கத்தில், எந்த வருடம் படித்தது என்ற குறிப்பு கூடவே ஒட்டிக்கொண்டு இருக்காது. நமக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியும், ஆனால் எந்த நாள், எந்த வகுப்பில் படித்தோம் என்று தெரியாது இல்லையா, அது மாதிரி.

இப்போ மேசை. நீங்கள் சாட்டில் டைப் பண்ணியது, ஒட்டியது, ஏற்றிய ஃபார்ம் 16, அதற்கு முன் மாடல் கொடுத்த பதில்கள், எல்லாம் மேசையில் இருக்கும் காகிதம். ஒவ்வொரு முறை நீங்கள் மெசேஜ் அனுப்பும்போதும், அதுவரையிலான மொத்த உரையாடலும் மாடல் முன்னால் வைக்கப்படும். மாடல் அதைப் பார்த்து அடுத்த பதிலை எழுதும். இரண்டு மெசேஜுக்கு நடுவில் அது எதையும் மனசில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை.

மேசையில் இருக்கும் எண்ணை மாடல் பார்த்து எழுதலாம். மண்டையில் இருக்கும் எண்ணை அது ஊகித்துத்தான் எழுத முடியும். ஆனால் இரண்டும் உங்கள் ஸ்கிரீனில் ஒரே எழுத்தில், ஒரே நம்பிக்கையான தொனியில்தான் வரும். குழப்பமே இங்கதான்.

15 லட்சம் சம்பளத்தில் ஒரு கணக்கு

சென்னையில் வேலை செய்யும் ஒருவர். வருட சம்பளம் ரூ.15,00,000. வேறு வருமானம் இல்லை. புதிய ரெஜிமில் அவருக்கு வரி எவ்வளவு?

2025-26 நிதியாண்டுக்கான ஸ்லாப் இது: 4 லட்சம் வரை வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5%, 8 முதல் 12 வரை 10%, 12 முதல் 16 வரை 15%. அதற்கு மேல் உள்ள ஸ்லாப் இவருக்குத் தேவையில்லை. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் ரூ.75,000 போனால் வரிக்குரிய வருமானம் ரூ.14,25,000. வரி 20,000 + 40,000 + 33,750, ஆக ரூ.93,750. அதன் மேல் 4% செஸ் ரூ.3,750. மொத்தம் ரூ.97,500.

இதே சம்பளத்துக்கு முந்தைய இரண்டு வருடங்களின் விதியைப் போட்டுப் பாருங்க:

| நிதியாண்டு | ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் | செஸ் சேர்த்து வரி |
|---|---|---|
| 2023-24 | ரூ.50,000 | ரூ.1,45,600 |
| 2024-25 | ரூ.75,000 | ரூ.1,30,000 |
| 2025-26 | ரூ.75,000 | ரூ.97,500 |

மூணு வருடம், மூணு பதில். ஒவ்வொன்றும் அந்தந்த வருடத்துக்குச் சரி. மாடல் எந்த வருடத்து எழுத்தோடு ட்ரெயினிங்கை முடித்தது என்பதைப் பொறுத்து, இதில் எது வேண்டுமானாலும் வரலாம்.

சரி, கொஞ்சம் வித்தியாசம்தானே, ரிட்டர்ன் போடும்போது பார்த்துக்கலாம் என்று தோணும். ஆனால் இங்கே முடிவே தலைகீழாக மாறுகிறது. இவர் பழைய ரெஜிமில் 80சி-யில் 1.5 லட்சமும், வாடகைக்கான எச்.ஆர்.ஏ விலக்கு 2.5 லட்சமும் காட்ட முடியும் என்று வைத்துக்கொள்வோம். பழைய ரெஜிமின் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் ரூ.50,000. இவை எல்லாம் போக வரிக்குரிய வருமானம் ரூ.10,50,000. செஸ் சேர்த்து வரி ரூ.1,32,600. இது மூணு வருடமும் ஒரே தொகைதான், ஏன்னா பழைய ரெஜிமின் ஸ்லாப் மாறவில்லை.

இப்போ ஒப்பிடுங்க. 2023-24 விதியை வைத்துப் பார்த்தால் பழைய ரெஜிம் ரூ.13,000 லாபம். 2024-25-ல் இரண்டும் கிட்டத்தட்ட சமம். 2025-26 விதிப்படி புதிய ரெஜிம் ரூ.35,100 லாபம். 2025-26-க்கான முடிவை 2023-24 ஞாபகத்தில் இருந்து எடுத்தால், லாபமான பக்கத்தை விட்டுவிட்டு நஷ்டமான பக்கத்தை எச்.ஆர்-க்கு எழுதிக் கொடுத்துவிடுவோம்.

எந்த வருடத்திலும் இல்லாத வரி

பழைய வருடத்து பதில் வந்தால்கூட ஒரு வகையில் பரவாயில்லை, எந்த வருடம் என்று கண்டுபிடித்துவிடலாம். அதைவிட மோசம் கலவை.

50,000 என்ற எண்ணைப் பாருங்க. பழைய முறையில் 2019-20-லிருந்து அதுதான் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன், இன்றும் பழைய ரெஜிமில் அதுதான். 2023-24-ல் புதிய ரெஜிமுக்கும் அதையே கொடுத்தார்கள். ஆகவே இணையத்தில் பல வருடமாக, ஆயிரக்கணக்கான பக்கங்களில் அந்த எண் இருக்கு. 75,000 வந்ததோ 2024 ஜூலை பட்ஜெட்டில்தான். ஸ்லாபும் அப்படியே. வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சம் மாறிய, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் டேபிள்கள். ட்ரெயினிங்கில் இவை எல்லாமே தடம் பதித்திருக்கும்.

மாடல் 2024-25-ன் ரூ.75,000-ஐ எடுத்து, 2023-24-ன் ஸ்லாபில் போட்டால் என்ன ஆகும்? வரி ரூ.1,35,000, செஸ் சேர்த்து ரூ.1,40,400. மேலே இருக்கும் டேபிளைத் திரும்பப் பாருங்க. இந்தத் தொகை எந்த வருடத்திலும் இல்லை! கூட்டல் சரி, பெருக்கல் சரி, டேபிள் அழகு. ஆனால் அப்படி ஒரு சட்டமே இந்தியாவில் இருந்ததில்லை. ஒரு ஆடிட்டர் பழைய வருடத்துப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் ஒரு பக்கத்தில் ஒரு வருடம்தான் இருக்கும். ஞாபகத்தில் அந்த மாதிரி பக்கம் பிரித்து இருக்காது.

இன்னொரு பொறி, நம்ம சட்டமே வைத்தது. '2025-26' என்று மட்டும் எழுதினால் அது நிதியாண்டா, மதிப்பீட்டு ஆண்டா? மதிப்பீட்டு ஆண்டு 2025-26 என்பது நிதியாண்டு 2024-25. ஆகவே '2025-26' என்ற தலைப்பில் இணையத்தில் இரண்டு வகை டேபிள் உண்டு. ஒன்றின்படி இவருக்கு வரி ரூ.1,30,000, இன்னொன்றின்படி ரூ.97,500. 2026 ஏப்ரல் 1-லிருந்து நடைமுறைக்கான 2025-ம் வருட வருமான வரிச் சட்டம், 'வரி ஆண்டு' என்ற ஒரே சொல்லைக் கொண்டு வந்து இந்தக் குழப்பத்தை முடிக்கிறது. ஆனால் ட்ரெயினிங்கில் போன பழைய எழுத்து பழைய சொல்லோடுதான் இருக்கும்.

'இந்த வருடம்' என்று எழுதுவதும் ஆபத்துதான். இன்று என்ன தேதி என்பது ட்ரெயினிங்கில் இருக்க முடியாது. பல ஆப்கள் தேதியை அவர்களே மேசையில் வைத்துவிடுகின்றன. வைக்காவிட்டால், 'இந்த வருடம்' என்பதை மாடல் தன் ட்ரெயினிங் முடிந்த காலமாக எடுத்துக்கொள்ளலாம்.

"போன மாசமே திருத்திக் கொடுத்தேனே!"

இது நிறைய பேர் கேட்கும் கேள்வி. மாடல் தப்பா சொன்னது, நான் சரியான ஸ்லாப் கொடுத்தேன், அது நன்றி சொல்லி சரியாகப் போட்டது. இப்போ மறுபடி பழையதையே சொல்லுதே, ஏன்?

ஏன்னா நீங்கள் திருத்தியது மேசையில் இருந்த காகிதத்தை. மண்டையில் உறைந்த எண்களில் ஒன்றுகூட மாறவில்லை. அந்த சாட் இருக்கும்வரை உங்கள் திருத்தம் அதன் கண்ணில் படும். புது சாட் திறந்தால் மேசை காலி. உங்களுக்காக ஒருமுறை, உங்கள் நண்பருக்காக ஒருமுறை என்று ஒவ்வொரு சாட்டும் காலி மேசையோடுதான் தொடங்கும்.

சில ஆப்களில் 'மெமரி' என்று ஒரு வசதி இருக்கு. அது மாடல் புதிதாகக் கற்றுக்கொள்வது இல்லை. உங்களைப் பற்றிய சின்னச் சின்ன குறிப்புகளை ஆப் தனியாக எழுதி வைத்து, புது சாட் திறக்கும்போது மேசையில் வைக்கிறது, அல்லது பழைய சாட்டில் இருந்து தேவையான துண்டைத் தேடி எடுத்து வைக்கிறது. எது எழுதப்பட்டது என்பதை செட்டிங்ஸில் பெரும்பாலும் பார்க்கலாம், அழிக்கலாம். போன வருடம் உங்கள் சம்பளம் 11 லட்சம் என்று அதில் இருந்து, நீங்கள் இப்போ கம்பெனி மாறி 15 லட்சம் வாங்கினால், பழைய குறிப்பு கணக்கில் நுழையலாம். போய்ப் பார்த்து அழித்துவிடுங்க.

வெப் சர்ச்சும் இதே கதைதான். இணையத்தில் தேடி ஒரு பக்கத்தை எடுத்து மேசையில் வைப்பது. அப்புறம் பதிலின் தரம் அந்தப் பக்கத்தின் தரம்தான். மதிப்பீட்டு ஆண்டு போட்ட பழைய பதிவு கிடைத்தால் அதையே படித்துச் சொல்லும். லிங்கைத் திறந்து எந்த நிதியாண்டு என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

மேசைக்கும் அளவு உண்டு

மேசை எவ்வளவு பெரிது என்பதற்குப் பெயர் கான்டெக்ஸ்ட் விண்டோ. ஜிபிடி-3-க்கு அது 2,048 டோக்கன். ஆங்கிலத்தில் சுமார் 1,500 சொல் அளவு. இப்போ வரும் மாடல்களில் லட்சக்கணக்கான டோக்கன் வரை உண்டு. ஆனால் இலவசமாகப் பயன்படுத்தும் ஆப்பில் உங்களுக்குக் கிடைக்கும் அளவு குறைவாக இருக்கலாம். தமிழில் எழுதினால் ஆங்கிலத்தைவிட ஒரு சொல்லுக்கு அதிக டோக்கன் செலவாகும் என்பதையும் கணக்கில் வையுங்க.

ஃபார்ம் 16, பன்னிரண்டு மாசப் பேஸ்லிப், ஒரு வருட பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாவற்றையும் ஒரே சாட்டில் ஏற்றி, ரெண்டு மணி நேரம் பேசினால் என்ன ஆகும்? இடம் பத்தாதபோது சில ஆப் முதலில் பேசியதை வெட்டிவிடும், சில ஆப் அதைச் சுருக்கி வைக்கும். நீங்கள் ஆரம்பத்தில் சொன்ன வாடகை மேசையை விட்டு விழுந்துவிடும். விழுந்தது என்று பெரும்பாலும் அறிவிப்பு வராது. அந்த இடத்தை மாடல் வழக்கமான ஒரு ஊகத்தால் நிரப்பிவிடலாம்.

இடம் இருந்தாலும் கவனம் ஒரே சீராக இருக்காது. நீளமான உரையின் ஆரம்பத்திலும் கடைசியிலும் இருப்பதை மாடல்கள் நன்றாக எடுக்கின்றன, நடுவில் இருப்பதைத் தவறவிடுகின்றன என்று 2023-ல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. அதற்குப் பிறகு மாடல்கள் நிறைய முன்னேறியிருக்கின்றன. இருந்தாலும் 40 பக்க ஸ்டேட்மெண்ட்டின் நடுவில் இருக்கும் ஒரு வட்டி வரவை நம்பி விட்டுவிடாதீர்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சாட் நடுவில் உங்கள் சம்பளம், வாடகை, 80சி தொகை, எந்த நிதியாண்டு என்ற நான்கையும் திரும்பப் பட்டியல் போட வையுங்க. ஒன்று மாறியிருந்தாலும் அந்த சாட்டை விட்டுவிட்டு, புது சாட்டில் இந்த நான்கு வரியோடு தொடங்குங்க.

சரி, எதை எங்கிருந்து எடுக்கணும்?

என் ரூல் சிம்பிள். கருத்து மண்டையில் இருந்து வரட்டும், எண் மேசையில் இருந்து வரட்டும்.

ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் என்றால் என்ன, எச்.ஆர்.ஏ விலக்கு எப்படிக் கணக்கிடுவார்கள், பிபிஎஃப் ஏன் 15 வருடம் என்பதெல்லாம் பல வருடமாக மாறாமல் ஆயிரம் இடத்தில் எழுதப்பட்ட விஷயம். அதை ட்ரெயினிங்கில் இருந்து விளக்க வைப்பதில் பெரிய ஆபத்து இல்லை. ஸ்லாப், உச்சவரம்பு, வட்டி விகிதம், கடைசித் தேதி, இவை பட்ஜெட்டும் அரசாணையும் வந்தால் மாறும். இவற்றை வருமான வரித் துறை இணையதளத்தில் இருந்து எடுத்து நீங்களே ஒட்டுங்க. ஒட்டியதை மட்டும் பயன்படுத்த வேண்டும், அதில் இல்லாத எண் தேவைப்பட்டால் கேட்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்க. நிதியாண்டு என்ற சொல்லோடு வருடத்தை முழுசாக எழுதுங்க.

ஒட்டிய பிறகும் மண்டையில் இருக்கும் பழக்கம் சில சமயம் எட்டிப் பார்க்கும். அதைப் பிடிக்க ஒரு சின்ன டெஸ்ட் இருக்கு. நீங்கள் ஒட்டும் விதியில் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனை வேண்டுமென்றே ரூ.80,000 என்று மாற்றி, தனி சாட்டில் போடுங்க. மேலே சொன்ன 15 லட்சத்துக்கு இப்போ வரிக்குரிய வருமானம் ரூ.14,20,000, வரி செஸ் சேர்த்து ரூ.96,720 வர வேண்டும். அப்படி வந்தால் அந்த எண்ணை மாடல் உங்கள் காகிதத்தில் இருந்து எடுத்திருக்கு. ரூ.97,500-ஏ வந்தால் அது காகிதத்தைப் பார்க்கவில்லை, ஞாபகத்தில் இருந்து சொல்லுது. டெஸ்ட் முடிந்ததும் அந்த சாட்டை அழித்துவிடுங்க, பொய் எண் பின்னால் குழப்பக் கூடாது.

கடைசியா பான், ஆதார் விஷயம். சாட்டில் பான் நம்பரைப் போட்டால் மாடல் அதை உடனே கற்றுக்கொண்டு அடுத்த ஆளிடம் சொல்லிவிடுமா? சொல்லாது. அது உங்கள் மேசையில் மட்டும் இருக்கு. ஆனால் அந்த உரையாடல் கம்பெனியின் சர்வரில் சேமிக்கப்படும், சில சேவைகளில் அடுத்த மாடலின் ட்ரெயினிங்குக்கும் போகலாம். மேசையில் இருந்த காகிதம் மண்டைக்குள் போகும் வழி அதுதான், அதுவும் மாசக்கணக்கில் கழித்து. இதை நிறுத்தும் வசதி பல ஆப்களின் செட்டிங்ஸில் இருக்கு. வரி கணக்குப் போட பெயரோ, பானோ, அக்கவுண்ட் நம்பரோ தேவையே இல்லை. ஃபார்ம் 16-ஐ அப்படியே ஏற்றாமல், அதில் இருக்கும் தொகைகளை மட்டும் டைப் பண்ணுங்க. மேசையும் சின்னதாக இருக்கும், உங்கள் விவரமும் உங்களிடமே இருக்கும்.

எச்.ஆர் போர்ட்டலில் ஏற்றுவதற்கு முன்னால் வருமான வரித் துறையின் டாக்ஸ் கால்குலேட்டரில் அதே எண்களைப் போட்டு ஒருமுறை சரிபாருங்க. ரெண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன், அடுத்தது முதல் ஸ்லாப் 3 லட்சத்தில் தொடங்குதா, 4 லட்சத்தில் தொடங்குதா என்பது. பெரும்பாலும் இந்த ரெண்டு இடத்திலேயே அது எந்த வருடத்து ஞாபகம் என்று தெரிந்துவிடும்.

உங்கள் சம்பளத்தில் இந்த மூணு வருடக் கணக்கைப் போட்டுப் பார்த்து, எந்த ரெஜிம் லாபமாக வந்தது என்று கமெண்டில் எழுதுங்க. எச்.ஆர்.ஏ விலக்கை எப்படிக் கணக்கிடுவது என்பதை நம்ம சேனல் வீடியோவில் தனியாகப் பார்ப்போம்.